செட்டில்மென்ட் ஷீட்டில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் வேறொரு தொகை: எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

வேலையை விட்டு வந்தவர் கையில் 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று ஒரு ஷீட் இருக்கும். அடியில் நிகரத் தொகை தடித்த எழுத்தில் இருக்கும். வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் அந்தத் தொகை எங்குமே இருக்காது. ஹெச்ஆரில் கேட்டால் "எல்லாம் போட்டாச்சு சார்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஷீட் ஒன்றுதான், ஆனால் பணம் தருபவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர். அதனால் நிகரத் தொகையைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு இனத்தையும் யார் தர வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசத் தொகையை வைத்தே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வேலைதான்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், வீடு தண்டையார்பேட்டை. 2013 ஜூன் 2-இல் சேர்ந்து, 2025 ஜனவரி 31-இல் ராஜினாமா செய்து வெளியே வந்தார். பேசிக் 20,000, டிஏ 6,000, மற்ற படிகள் 10,400, மொத்தம் 36,400 ரூபாய். அவருக்குத் தந்த ஷீட் இது:

```
வரவு
  ஜனவரி சம்பளம்             36,400
  லீவ் என்கேஷ்மென்ட் 18 நாள்   18,000
  கிராஜுவிட்டி              1,80,000
  மொத்தம்                2,34,400

பிடித்தம்
  பிஎஃப் (ஜனவரி)            1,800
  நோட்டீஸ் குறைவு 10 நாள்     10,000
  அட்வான்ஸ் பாக்கி            8,000
  தொழில் வரி               1,250
  மொத்தம்                 21,050

நிகரம்                   2,13,350
```

வங்கியில் வந்தவை: பிப்ரவரி 24 அன்று 33,350. மார்ச் 12 அன்று 1,65,000. ஏப்ரல் மத்தியில் பிஎஃப் பணம், 4,38,000-க்குச் சற்று மேல்.

கையில் என்ன இருக்க வேண்டும்

செட்டில்மென்ட் ஷீட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் (சேர்ந்த தேதிக்காக), பிஎஃப் பாஸ்புக், வெளியேறிய மாதத்திலிருந்து இன்றுவரை வங்கி ஸ்டேட்மென்ட். கிராஜுவிட்டிக்கு நிறுவனம் தனியாக ஒரு கணக்குத் தாள் தர வேண்டும். 2025 நவம்பர் வரை இருந்த பழைய சட்டத்தில் அதன் பெயர் ஃபார்ம் எல். பல இடங்களில் தருவதில்லை, ஆனால் கேட்டால் தருவார்கள். ஸ்டேட்மென்டைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்வது நல்லது. அச்சிட்ட பாஸ்புக்கில் விவர வரி பாதியிலேயே வெட்டப்பட்டிருக்கும், அனுப்பியவர் யார் என்பதே அந்த வரியில்தான் இருக்கிறது.

அறிகுறி 1: நிகரத் தொகை ஒரே வரவாக எங்குமே இல்லை

முதலில் நிகரத்திலிருந்து கிராஜுவிட்டியைக் கழித்துப் பாருங்கள். 2,13,350-இல் 1,80,000 போனால் 33,350. பிப்ரவரி 24 வரவு அதேதான். ஆக, சம்பளம், லீவு, பிடித்தங்கள் எல்லாம் நிறுவனத்தின் சம்பளக் கணக்கிலிருந்து ஒரே வரவாக வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் பகுதியை டிக் அடித்து மூடிவிடலாம்.

கிராஜுவிட்டி ஏன் தனியாக வருகிறது? பல தொழிற்சாலைகள் கிராஜுவிட்டிப் பொறுப்புக்காக ஒரு டிரஸ்ட் வைத்து, எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனத்தின் குரூப் கிராஜுவிட்டி பாலிசியில் பணம் கட்டி வருகின்றன. ஒருவர் வெளியேறும்போது நிறுவனம் அங்கே கிளெய்ம் அனுப்புகிறது. பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரலாம், டிரஸ்ட் கணக்கு வழியாக வரலாம், அல்லது நிறுவனமே கைப்பணத்தில் தந்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எனவே விவர வரியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் தேடாதீர்கள். 'GRATUITY', 'TRUST', 'LIC' போன்ற சொற்கள் முழுதாகவோ அறுபட்டோ இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யுடிஆர் எண்ணைப் பாருங்கள். அதன் முதல் நான்கு எழுத்துகள் பெரும்பாலும் அனுப்பிய வங்கியைச் சொல்லும். சம்பளம் வழக்கமாக வந்த வங்கி அல்லாமல் வேறு வங்கி என்றால் அது வேறு ஆள் அனுப்பிய பணம்.

பிஎஃப் பணம் இந்த ஷீட்டின் கூட்டலுக்குள் வராது. சில நிறுவனங்கள் ஷீட்டின் அடியில் 'பிஎஃப் இருப்பு உத்தேசம்' என்று ஒரு வரி போடுவார்கள். அது தகவல் மட்டுமே. ஷீட்டில் உண்மையாக இருக்கும் பிஎஃப் வரி, கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்த 1,800 மட்டும்தான். அது உங்கள் கைக்கு வருவதில்லை, பிஎஃப் கணக்குக்குப் போகிறது.

இன்னொரு இடறல். இந்த ஷீட்டில் தொழில் வரி 1,250. பென்ஷன் பங்காக நிறுவனம் மாதாமாதம் கட்டுவதும் 1,250 (15,000 உச்சவரம்பில் 8.33 சதவீதம்). இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் சென்னை மாநகராட்சி வாங்கும் தொழில் வரி 1,250, அரையாண்டுக்கு ஒரு முறை. 'என் பென்ஷன் பணத்தைப் பிடித்துவிட்டார்கள்' என்று இதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அறிகுறி 2: கிராஜுவிட்டி ஷீட்டில் உள்ளதைவிடக் குறைவாக வந்திருக்கிறது

நம் கணக்கில் 1,80,000 வர வேண்டும், 1,65,000 வந்திருக்கிறது. முதலில் ஷீட்டில் உள்ள தொகையே சரிதானா என்று பார்க்க வேண்டும்.

```
கிராஜுவிட்டி = (பேசிக் + டிஏ) × 15 ÷ 26 × ஆண்டுகள்
            = 26,000 × 15 ÷ 26 × 12
            = 15,000 × 12
            = 1,80,000
```

சேவை 11 ஆண்டு, ஏறக்குறைய 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது ஒரு முழு ஆண்டு. எனவே 12. ஷீட் சரி. உச்சவரம்பு 20 லட்சம், அதன் பக்கமே நாம் போகவில்லை.

இப்போது குறைந்த தொகை 15,000. அது சரியாக ஓர் ஆண்டின் கிராஜுவிட்டி. கிளெய்மைக் கணக்குப் போட்டவர் 8 மாதத்தை விட்டுவிட்டு 11 ஆண்டு என்று வைத்துவிட்டார். டிரஸ்ட் பதிவேட்டில் சேர்ந்த தேதி தவறாக இருந்தாலும் இதேதான் நடக்கும். முதலில் ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்து பிறகு நிரந்தரமானவர்களுக்கும், பயிற்சி முடிந்து நிரந்தரமானவர்களுக்கும் சேர்ந்த தேதி இரண்டாக இருக்கும், அதில் எது ஏறியது என்று பார்க்க வேண்டும். (அப்ரன்டிஸ் சட்டப்படியான பயிற்சிக் காலம் கிராஜுவிட்டிக்கு எண்ணப்படாது. புரொபேஷன் எண்ணப்படும்.)

இதே மாதிரி மற்ற தவறுகளும் தங்கள் தடத்தை விட்டுத்தான் போகும். நம் ஃபிட்டருக்கு 24,000 குறைந்திருந்தால், 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்திருக்கிறார்கள்: ஆண்டுக்கு 13,000 ஆகி, 12 ஆண்டுக்கு 1,56,000 வரும். மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது சட்டத்திலேயே உள்ள வகுப்பான். கிராஜுவிட்டிச் சட்டத்துக்குள் வரும் நிறுவனம் 30-ஆல் வகுக்க முடியாது. 41,538 குறைந்திருந்தால், டிஏவை விட்டுவிட்டுப் பேசிக் 20,000-ஐ மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

நுணுக்கமானது சம்பள உயர்வுத் தவறு. குறைவு 9,000 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் எதிலும் ஒட்டாத எண். அதை 12-ஆல் வகுத்தால் 750, அதை 26-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 1,300. கடைசியாக வந்த இன்க்ரிமென்ட் எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். 1,300 என்று இருந்தால் விஷயம் முடிந்தது: குரூப் பாலிசிக்கு ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பும் சம்பளப் பட்டியலில் பழைய சம்பளமே இருக்கிறது, அதை வைத்தே கிளெய்ம் தீர்ந்துவிட்டது. கணக்கு 'கடைசியாகப் பெற்ற சம்பளம்' என்பதில்தான் போட வேண்டும்.

எந்தத் தவறாக இருந்தாலும், டிரஸ்ட் எவ்வளவு தந்தது என்பது நிறுவனத்துக்கும் டிரஸ்டுக்கும் இடையிலான விவகாரம். சட்டப்படி கிராஜுவிட்டி தர வேண்டியவர் முதலாளி. பாக்கியை அவரிடம்தான் கேட்க வேண்டும். "எல்ஐசியில் கேளுங்கள்" என்று அனுப்பினால் போக வேண்டியதில்லை. மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்:

"செட்டில்மென்ட் ஷீட்டில் கிராஜுவிட்டி ரூ.1,80,000. என் கணக்குக்கு 12-03-2025 அன்று ரூ.1,65,000 மட்டும் வந்துள்ளது, யுடிஆர் எண் இத்துடன். குறைவு ரூ.15,000, ஓர் ஆண்டுக்கான தொகை. என் சேவை 02-06-2013 முதல் 31-01-2025 வரை. கணக்கிட்ட தாளின் நகலையும், பாக்கியை எப்போது தருவீர்கள் என்பதையும் தெரிவிக்கவும்."

தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போகும். எண்ணும் தேதியும் போட்டு எழுதினால் அக்கவுன்ட்ஸ் பிரிவில் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

2025 நவம்பர் 21-க்குப் பிறகு வெளியேறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 'ஊதியம்' என்பதற்கு வேறு வரையறை. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்த நிறுவனங்களில் இதனால் கிராஜுவிட்டி உயரும். நம் ஃபிட்டருக்கு 36,400-இல் 26,000 பேசிக்கும் டிஏவும்தான், எனவே அந்தச் சட்டத்தில் வெளியேறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

அறிகுறி 3: தொகை சரி, ஆனால் தாமதம்

கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். ஜனவரி 31-இல் வெளியேறியவருக்கு மார்ச் 2 கடைசி நாள். மார்ச் 12-இல் வந்தது. இங்கே எல்லோரும் '10 நாள் தாமதம், 10 நாள் வட்டி' என்று எண்ணுகிறார்கள். அப்படியில்லை. 30 நாள் கெடுவைத் தவறவிட்டால், கிராஜுவிட்டி தர வேண்டியதான நாளிலிருந்தே வட்டி. ஜனவரி 31 முதல் மார்ச் 12 வரை 40 நாள். விகிதம் 10 சதவீதம், தனி வட்டி.

```
1,65,000 × 10% × 40 ÷ 365 = 1,808
```

பாக்கி 15,000-க்கு அது வரும் நாள்வரை நாளொன்றுக்கு 4 ரூபாய் 11 காசு. சிறு தொகைதான். ஆனால் பாக்கி கேட்கும் கடிதத்திலேயே இதையும் ஒரு வரியில் சேர்த்தால், பாக்கி சீக்கிரம் வரும். தாமதம் உங்களால் ஏற்பட்டது, அதற்காகக் கிராஜுவிட்டிக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்று நிறுவனம் காட்டினால் மட்டுமே வட்டி கிடையாது. விண்ணப்பம் தரவில்லை என்பதே ஒரு சாக்காக வரலாம். எனவே வெளியேறும்போதே கிராஜுவிட்டி விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கி வைப்பது நல்லது.

அறிகுறி 4: பிடித்தங்கள் கிராஜுவிட்டியைத் தின்றுவிட்டன

நம் ஷீட்டில் நோட்டீஸ் குறைவும் அட்வான்ஸ் பாக்கியும் சேர்த்து 18,000. அதைத் தாங்கச் சம்பளமும் லீவுப் பணமுமாக 54,400 இருந்தது, அதனால் கிராஜுவிட்டியைத் தொட வேண்டிய தேவை வரவில்லை. சரிபார்க்க ஒரு வழி: கிராஜுவிட்டியை நீக்கிவிட்டு மற்ற வரவில் பிடித்தத்தைக் கழியுங்கள். மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சிக்கலில்லை. மைனஸில் போனால், கடனையோ நோட்டீஸையோ கிராஜுவிட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நோட்டீஸ் தரவில்லை என்பதற்காகக் கிராஜுவிட்டியைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டும், அதுவும் அவர் விளைவித்த சேதத்தின் அளவுக்கோ, வன்முறை, ஒழுக்கக் கேடான குற்றம் போன்றவற்றுக்கோதான் பறிமுதல் உண்டு. பழைய சட்டத்தில் அது 4(6) பிரிவு. ராஜினாமா செய்தவருக்கு அது பொருந்தாது. லீவு அட்டையில் எத்தனை நாள் பாக்கி, நோட்டீஸ் எத்தனை நாள் குறைந்தது என்பதையும் இந்தச் சாக்கில் ஒரு முறை எண்ணிவிடுங்கள். ஒரு நாள் ஆயிரம் ரூபாய் என்ற கணக்கில் இது வாதாட வேண்டிய தொகைதான்.

அறிகுறி 5: பிஎஃப் வரவு பாஸ்புக் இருப்போடு ஒட்டவில்லை

நம் ஃபிட்டர் அப்போதைய விதிப்படி இரண்டு மாதம் காத்திருந்து, ஏப்ரல் தொடக்கத்தில் பிஎஃப் பணத்தை முழுதாக எடுப்பதற்கான ஃபார்ம் 19 போட்டார். அன்று பாஸ்புக்கில் அவர் பங்கும் நிறுவனப் பங்கும் சேர்ந்து 4,05,850 இருந்தது. வந்தது 4,38,000-க்கு மேல். முப்பதாயிரம் கூடுதலாக வந்தால் யாரும் புகார் செய்வதில்லை, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் குறைவாக வரும்போது கண்டுபிடிக்க முடியும்.

அது வட்டி. நடப்பு ஆண்டின் வட்டி பாஸ்புக்கில் ஆண்டு முடிந்து சில காலம் கழித்தே ஏறும். இடையில் கணக்கை முடித்தால் கணக்குப் போட்டுச் சேர்த்துத் தருவார்கள். 2024-25-க்கு விகிதம் 8.25 சதவீதம், மாதத்துக்கு 0.6875. மாதச் சந்தா என்பது அவர் பங்கு 1,800, நிறுவனப் பங்கில் பென்ஷனுக்குப் போன 1,250 நீங்கலாக 550.

```
2024 ஏப்ரல் தொடக்க இருப்பு             3,80,000
11 மாதச் சந்தா (1,800 + 550) × 11       25,850
பாஸ்புக்கில் தெரிவது                  4,05,850

தொடக்க இருப்புக்கு ஓராண்டு வட்டி         31,350
சந்தாக்களுக்கு: 2,350 × 66 × 0.6875%      1,066
2025 மார்ச் 31 அன்று                 4,38,266
```

அந்த 66 எங்கிருந்து? ஏப்ரலில் ஏறிய சந்தாவுக்கு அடுத்த மாதம் தொடங்கி மார்ச் வரை 11 மாத வட்டி, மே மாதத்தது 10, இப்படியே பிப்ரவரியில் ஏறியதற்கு 1. கூட்டினால் 66. இதன்மேல் ஏப்ரலில் செட்டில் ஆகும்வரை ஓடிய நாட்களுக்கு மூவாயிரத்துக்குள் ஒரு தொகை வரும். முன்பு மாதத்தின் 24-ஆம் தேதிக்குள் முடிந்த கிளெய்முக்கு முந்தைய மாதக் கடைசி வரைக்கும்தான் வட்டி. செட்டில்மென்ட் தேதி வரை தரலாம் என்று 2024 நவம்பர் 30-இல் பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எனவே கடைசியில் வரும் இந்தச் சிறு தொகைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வரவு மேலே உள்ள 4,38,266-க்குக் கீழே போனால்தான் கவலை.

போனால், மறுபடியும் வித்தியாசத்தைப் பாருங்கள். குறைவு 2,350 அல்லது அதன் மடங்கு என்றால், ஏதோ ஒரு மாதச் சந்தா கணக்கில் ஏறவில்லை. பெரும்பாலும் கடைசி மாதம்தான். நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். செட்டில்மென்ட் ஷீட்டை முடித்த பிறகு கட்டலாம் என்று ஜனவரிச் சந்தாவை நிறுத்தி வைப்பார்கள், அதற்குள் நீங்கள் கிளெய்ம் போட்டுவிடுவீர்கள். ஷீட்டில் 1,800 பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் அந்த மாதம் இல்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் கட்டிய பிறகு அதே உறுப்பினர் ஐடிக்கு இன்னொரு ஃபார்ம் 19 போட்டு மீதியை வாங்கலாம். கிளெய்ம் போடும் முன் கடைசி மாதம் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

குறைவு லட்சக்கணக்கில் என்றால் பழைய கம்பெனியின் உறுப்பினர் ஐடி இன்னும் தனியாக நிற்கிறது. யுஏஎன், அதாவது உங்கள் நிரந்தர பிஎஃப் எண், ஒன்றுதான், ஆனால் ஃபார்ம் 19 ஒரு ஐடிக்குத்தான் தீர்க்கும். பழையதை ஃபார்ம் 13 வழியாகப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பிறகு கிளெய்ம் போடுவதே சரி. முடிந்துபோயிருந்தால் அந்த ஐடிக்குத் தனியே கிளெய்ம் போட வேண்டியதுதான்.

சரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அது டிடிஎஸ். ஐந்து ஆண்டுக்குள் சேவை, தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் பிடிப்பார்கள். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் 192ஏ பிரிவின் கீழ் தெரியும், வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். பதினொன்றரை ஆண்டு சேவை உள்ள நம் ஃபிட்டருக்கு இது வராது. வந்திருந்தால் பழைய சேவை சேராமல் போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி, அதாவது பென்ஷன் பங்கு, இந்தக் கணக்கில் வரவே வராது. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பல ஆயிரம் குறைகிறது என்று வருபவர்கள்தான் அதிகம். 10 ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஃபார்ம் 10சி வழியாக அது தனி வரவாக வரும். அப்போதும் பத்தியின் கூட்டுத்தொகை வராது, சேவைக் காலத்துக்கான அட்டவணைப்படிதான் தருவார்கள். 10 ஆண்டு முடிந்தவருக்குப் பணமாகவே கிடையாது. ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், 58 வயதில் பென்ஷனாக வரும்.

பெரிய நிறுவனங்கள் சில, சொந்த பிஎஃப் டிரஸ்ட் வைத்திருக்கும். அவர்களுடைய பணியாளர்களின் பிஎஃப் இருப்பு அரசு பாஸ்புக் தளத்தில் தெரியாது. டிரஸ்ட் தரும் ஆண்டுச் சீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். வரவும் அந்த டிரஸ்ட் பெயரிலேயே வரும்.

அறிகுறி 6: பிஎஃப் தளத்தில் 'Settled' என்கிறது, கணக்கில் எதுவுமில்லை

மூன்று நான்கு வேலை நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் யுஏஎன்-இல் பதிந்திருக்கும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பாருங்கள். வட சென்னையில் பழைய அலகாபாத் வங்கி, ஆந்திரா வங்கி, சிண்டிகேட், கார்ப்பரேஷன் வங்கிக் கிளைகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் ஏராளம். 2020 ஏப்ரல் 1 முதல் அவை இந்தியன் வங்கி, யூனியன் வங்கி, கனரா வங்கி என்று இணைந்துவிட்டன, குறியீடுகளும் மாறின. யுஏஎன்-இல் பழைய குறியீடே கிடந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். சம்பளக் கணக்கை மூடிவிட்டாலும் இதே கதி. புதிய விவரத்தைக் கேஒய்சியில் ஏற்றி, அது உறுதியான பிறகு மறுபடி அனுப்பும்படி `epfigms.gov.in`-இல் புகார் பதியுங்கள். கிளெய்ம் எண்ணும் செட்டில் ஆன தேதியும் அதில் இருக்க வேண்டும்.

வந்து, அன்றே காணாமல் போயிருக்கவும் கூடும். சம்பளக் கணக்கில் நின்றுபோன தவணை இருந்தால் வங்கி உடனே எடுத்துக்கொள்ளும். வரவு வரிக்கு அடுத்த வரியைப் படியுங்கள்.

யாரிடம் போவது

கிராஜுவிட்டிக்கு முதலில் நிறுவனம், பிறகு கிராஜுவிட்டிக்கான கட்டுப்பாட்டு அதிகாரி. சாதாரணத் தனியார் தொழிற்சாலை என்றால் மாநிலத் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர். துறைமுகம், ரயில்வே, மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள தொழிற்சாலை, ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலத்தில் கிளை உள்ள நிறுவனம் என்றால் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். வட சென்னையில் இந்த இரண்டாவது வகையே நிறைய. தவறான வாசலில் மனு கொடுத்தால் மாதங்கள் போய்விடும். நம் ஃபிட்டர் காலத்துச் சட்டத்தில் மனுவுக்கு ஃபார்ம் என், கெடு 90 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்பார்கள்.

பிஎஃப்புக்கு, தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பதை வைத்து அலுவலகத்தை ஊகிக்காதீர்கள். உறுப்பினர் ஐடியின் முதல் ஐந்து எழுத்தைப் பாருங்கள். `TNAMB` என்றால் அம்பத்தூர். `TNMAS` என்றால் சென்னை. தலைமை அலுவலகம் வேறு ஊரில் உள்ள நிறுவனங்களில் வெளி மாநிலக் குறியீடுகூட இருக்கும், அப்போது இங்கே கவுண்டரில் நின்று பயனில்லை, ஆன்லைன் புகார்தான்.